மூக்கு நீளும் கண்ணாடி

கேள்வி: சவரத்துக்கென்று முகத்தைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி வாங்கினேன். பெரிதாகத்தான் தெரிகிறது, ஆனால் மூக்கு ஏதோ முன்னால் இழுத்துவிட்டதுபோல் இருக்கிறது. குறையுள்ள சரக்கா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம், அநேகமாகக் கண்ணாடி நல்ல கண்ணாடிதான். முகத்தைப் பெரிதாகக் காட்டுவது குழியாடி, அதாவது உள்பக்கம் குழிந்த கண்ணாடி; அது எதுவானாலும் இப்படித்தான் காட்டும்.

குவியத் தூரம், அதாவது தொலைவிலிருந்து வரும் ஒளியைக் கண்ணாடி ஒரு புள்ளியில் குவிக்கும் தூரம், 40 செ.மீ. உள்ள ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்வோம். உங்கள் கன்னம் அதிலிருந்து 20 செ.மீ. தள்ளி இருக்கிறது. கன்னத்தின் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் 40 செ.மீ.யில் விழும், அகலம் இரண்டு மடங்கு. இது குறுக்கு உருப்பெருக்கம். மூக்கு நுனி கன்னத்தைவிட 2 செ.மீ. முன்னால், அதாவது கண்ணாடிக்கு 18 செ.மீ.யில் இருக்கிறது. அதன் பிம்பம் விழுவது சுமார் 32.7 செ.மீ.யில். கணக்குப் பாருங்கள்: 2 செ.மீ. நீட்டியிருந்த மூக்கு, பிம்பத்தில் 7.3 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. அகலம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆழமோ மூன்றரை மடங்குக்கும் மேல்! இந்த ஆழக் கணக்குக்குப் பெயர் நெடுக்கு உருப்பெருக்கம். சிறிய ஆழங்களுக்கு அது குறுக்கு உருப்பெருக்கத்தின் வர்க்கத்துக்குச் சமமாக வரும். அகலம் 2 மடங்கானால் ஆழம் 4, அகலம் 3 ஆனால் ஆழம் 9. அதனால்தான் படம் பெரிதாவதோடு நிற்காமல் நீண்டும் போகிறது. (வண்டியின் பக்கக் கண்ணாடியில் நேர் எதிர். அங்கே உருவம் சிறுக்கிறது, ஆழம் அதைவிட அதிகமாய் நசுங்குகிறது.)

ஒரு பென்சிலைக் கண்ணாடிக்குக் குறுக்காகப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் அதன் முனை கண்ணாடியைக் குத்துவதுபோல் நேராகத் திருப்புங்கள். நீளம் எங்கே கூடுகிறது என்பது கண்ணுக்கே தெரியும். அப்படியே ஒரு கண்ணை மூடுங்கள், நீட்சி பெருமளவு அடங்கிவிடும். ஆழத்தை நன்றாக உணர இரண்டு கண்ணும் சேர்ந்தாக வேண்டும்.

சரி, உண்மையிலேயே குறை இருந்தால்? முகத்தை அசைக்காமல் கண்ணாடியை மட்டும் அதன் சட்டத்தோடு வட்டமாகச் சுழற்றுங்கள். கோணல் ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியோடு சேர்ந்து சுற்றினால் அந்த இடத்தில் வளைவு சரியில்லை, தாராளமாகத் திருப்பிக் கொடுங்கள். எப்படிச் சுழற்றினாலும் மூக்கு மட்டும் ஒரே மாதிரி நீண்டிருந்தால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

நீட்சி பிடிக்கவில்லையென்றால் கண்ணாடியை நெருங்கிப் போங்கள். மேலே சொன்ன கண்ணாடியில் 10 செ.மீ.க்கு வந்தால் உருப்பெருக்கம் 1.33 ஆகக் குறையும், ஆழமும் அதற்கேற்பச் சுருங்கும். 30 செ.மீ.க்குப் பின்வாங்கினால் 4 மடங்கு, மூக்கும் படுமோசம். மாற்றி வாங்குவதாயிருந்தால் 5 மடங்கு, 10 மடங்கு என்று அட்டையில் போட்டிருப்பதைத் தவிர்த்து, 2 மடங்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கருத்து. சவரத்துக்கு அது போதும்.