சிவப்புக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிறத்தால் பொருள் சொல்லும் அட்டவணைப் படங்களைப் பார்வையற்றவர்களுக்கு எழுத்தில் கொடுப்பது எப்படி என்பதுதான் இங்கே பேச்சு. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மழை எச்சரிக்கை அட்டவணையைப் பற்றியவை. அதனால் அதற்கே இடம் கூடுதல்.

மதிப்பெண் பட்டியல் ஸ்கிரீன்ஷாட்டுக்கு மாற்று உரையாக "நிறமிட்ட மதிப்பெண் பட்டியல்" என்று போட்டிருக்கிறேன். போதுமா? (பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்)

போதாது. சிவப்பு என்றால் தேறவில்லை என்பது உங்கள் பள்ளி வழக்கமானால், அந்தப் பிள்ளையின் பெயருக்கு எதிரே "தேறவில்லை" என்று எழுதுங்கள். படத்தில் நிறம் உண்டு என்று தெரிந்து யாருக்கு என்ன பயன்?

வானிலை ஆய்வு மையத்தின் மாவட்டவாரி எச்சரிக்கை அட்டவணையை எங்கள் குழுவில் ஸ்கிரீன்ஷாட்டாகப் பகிர்கிறோம். குழுவில் பார்வையற்ற நண்பர்கள் நான்கு பேர். இத்தனை கட்டங்களையும் எப்படி எழுத்தில் கொடுப்பது? (தன்னார்வலர், கடலூர்)

முதலில் விளக்கப்பட்டையைப் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் எச்சரிக்கை நிறங்கள் நான்கு. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் தகவலைக் கவனித்துக்கொண்டிருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் நடவடிக்கை எடுங்கள். நீங்கள் எழுத்தில் கொண்டுவர வேண்டியது இந்தச் சொற்களைத்தான். நிறத்தின் பெயர் அதற்குப் பக்கத்தில் துணையாக வரலாம், வரவும் வேண்டும். ஊரில் எல்லாரும் "நமக்கு ஆரஞ்சாம்" என்று பேசும்போது பார்வையற்றவரும் அந்தப் பேச்சில் கலந்துகொள்ள முடிய வேண்டுமே.

மூன்று நாள் அட்டவணை ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். 38 மாவட்டம், மூன்று நாள், ஆக 114 கட்டம். அதில் நான்கு மாவட்டங்களுக்கு மட்டும் எச்சரிக்கை. குறுஞ்செய்தியாக அனுப்பும்போது இப்படி எழுதுங்கள்:

"மாவட்ட மழை எச்சரிக்கை, நவம்பர் 12, 13, 14. நான்கு மாவட்டங்களுக்கு எச்சரிக்கை.
கடலூர், மயிலாடுதுறை: 12 அன்று தயாராக இருக்கவும் (ஆரஞ்சு), 13 அன்று நடவடிக்கை எடுக்கவும் (சிவப்பு), 14 அன்று கவனிக்கவும் (மஞ்சள்).
நாகப்பட்டினம்: 12 அன்று கவனிக்கவும் (மஞ்சள்), 13 அன்று தயாராக இருக்கவும் (ஆரஞ்சு), 14 அன்று கவனிக்கவும் (மஞ்சள்).
திருவாரூர்: 12 அன்று கவனிக்கவும் (மஞ்சள்), 13 அன்று தயாராக இருக்கவும் (ஆரஞ்சு), 14 அன்று எச்சரிக்கை இல்லை (பச்சை).
மற்ற 34 மாவட்டங்கள்: மூன்று நாளும் எச்சரிக்கை இல்லை (பச்சை)."

அனுப்பும் முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எழுத்தில் சிவப்பு 2, ஆரஞ்சு 4, மஞ்சள் 5, பச்சை 103. கூட்டினால் 114. படத்திலும் இதே எண்ணிக்கை வர வேண்டும். எங்கோ ஒரு வரிசை விடுபட்டிருந்தால் இந்த எண்ணிக்கையில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். நாளோ மாவட்டமோ இடம் மாறியிருந்தால் மாட்டாது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். "மற்ற மாவட்டங்கள்" என்ற வரி இல்லையென்றால், தஞ்சாவூர்க்காரர் தம் ஊருக்கு எச்சரிக்கை இல்லையா, நீங்கள் எழுத மறந்தீர்களா என்று குழம்புவார். ஆனால் அந்த வரியை எழுதும் முன் அவை எல்லாம் உண்மையிலேயே பச்சைதானா என்று பாருங்கள். வெள்ளைக் கட்டம் பச்சை ஆகாது. அங்கே தகவலே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் "தகவல் இல்லை" என்றே எழுதுங்கள்.

கட்டத்துக்குள் எழுத்தும் இருந்தால் (கனமழை, இடி மின்னல் என்று) அதுவும் வேண்டும். நிறம் ஒரு செய்தி, எழுத்து இன்னொரு செய்தி. ஒன்றை எழுதிவிட்டு மற்றதை விழுங்காதீர்கள்.

இணையப் பக்கத்தில் போடுவதானால் சுருக்கம் வேண்டாம், முழு அட்டவணையையே கொடுங்கள்:

```
<table>
<caption>மாவட்ட மழை எச்சரிக்கை</caption>
<tr><th scope="col">மாவட்டம்</th><th scope="col">நவ. 13</th></tr>
<tr><th scope="row">கடலூர்</th><td>நடவடிக்கை எடுக்கவும் (சிவப்பு)</td></tr>
</table>
```

இப்படி இருந்தால் NVDA என்னும் ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துபவர் Ctrl+Alt உடன் அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாக நகர்வார். நகரும்போது மாவட்டப் பெயரும் தேதியும் தானாகக் காதில் விழும். இதே 114 கட்டத்தையும் மாற்று உரையில் திணித்தால் ஒரே மூச்சில் ஓடும். நடுவில் நின்று கடலூருக்குத் திரும்ப வழியே இல்லை. படத்தின் மாற்று உரையில் "விவரம் கீழே அட்டவணையில்" என்று ஒரு வரி போதும்.

சிவப்பு என்றால் ஆபத்து, பச்சை என்றால் நல்லது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். "சிவப்பு" என்று மட்டும் எழுதினால் ஏன் குறை சொல்கிறீர்கள்? (பெயர் வேண்டாம் என்றவர்)

குழந்தைக்குத் தெரிந்தது சாலை விளக்கு. அட்டவணை போடுபவர்கள் சாலை விளக்கைப் பார்த்துப் போடுவதில்லை.

அதே வானிலைத் துறையின் இன்னொரு வெளியீட்டையே எடுங்கள். பருவமழை இயல்பைவிட எவ்வளவு கூடியது, குறைந்தது என்று காட்டும் மாவட்டவாரி வரைபடம். அதில் பச்சை என்றால் இயல்பு, அதாவது 19 சதவீதம் வரை கூடியதோ குறைந்ததோ. நீலச் சாயல்கள் மிகுதியைக் காட்டும். சிவப்பு என்றால் மழை 20 முதல் 59 சதவீதம் வரை குறைவு. 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் என்ன நிறம் தெரியுமா? மஞ்சள். இந்தப் படத்தில் சிவப்பைவிட மோசமான நிலைக்கு மஞ்சள்!

இப்போது இரண்டு ஸ்கிரீன்ஷாட்டையும் ஒரே நாளில் பகிர்ந்துவிட்டு இரண்டுக்கும் "எங்கள் மாவட்டம் சிவப்பு" என்று எழுதுங்கள் பார்ப்போம். ஒன்றில் வெள்ளத்துக்கு ஆயத்தமாக வேண்டும், மற்றதில் ஏரியில் தண்ணீர் குறைவு. கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்? நிறம் வெறும் சாவிதான். பூட்டு எது என்று சொல்லாமல் சாவியை மட்டும் கையில் கொடுப்பது உதவி ஆகாது.

அதேபோல, நிறத்திலிருந்து நீங்களாக மழை அளவைக் கணக்குப் போடவும் கூடாது. "ரெட் அலர்ட் என்றால் 20 சென்டிமீட்டர் மழை" என்று எழுதுபவர்கள் ஏராளம். 204.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்தால் அதிகனமழை என்பது ஒரு வகைப்பாடு. எச்சரிக்கை நிறமோ, நிகழும் வாய்ப்பையும் பாதிப்பையும் சேர்த்துப் பார்த்துக் கொடுப்பது. இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவைதாம், ஆனாலும் ஒன்றல்ல. விளக்கப்பட்டையில் "நடவடிக்கை எடுக்கவும்" என்று இருந்தால் அதை எழுதுங்கள். அதில் இல்லாத சென்டிமீட்டரை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள்?

(இன்னொன்று: துறையின் வழக்கில் "அலர்ட்" என்பது ஆரஞ்சுக்கு உரிய சொல். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு சொற்கள் உண்டு. பத்திரிகைகள் நான்கையும் அலர்ட் ஆக்கிவிட்டன. இனி திருத்த முடியாது, விடுங்கள்.)

நிறத்துக்குப் பதில் சிவப்பு வட்டம், பச்சை வட்டம் என்று பொம்மைக்குறி போடலாமா? (ரா., திருச்சி)

ஸ்கிரீன் ரீடர் "சிவப்பு வட்டம்" என்று வாசிக்கும். சிவப்புக்கு என்ன பொருள் என்பது அப்போதும் தெரியாது. சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கோ இரண்டும் ஒரே வட்டம். சொல்லை எழுதிவிட்டுப் பிறகு வட்டம் வையுங்கள், ஆட்சேபம் இல்லை.

அலுவலகத்தில் வந்த விற்பனை அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டில் சில எண்கள் இளஞ்சிவப்பில் இருக்கின்றன. விளக்கப்பட்டை இல்லை. "குறைந்த விற்பனை" என்று எழுதிவிட்டேன். சரியா? (கோவை)

அனுப்பியவரைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள்.

எக்செலில் "இதைவிட அதிகமான எண்களைக் காட்டு" என்ற நிபந்தனை வடிவமைப்பைப் போட்டால், அது தானாக முன்வைக்கும் நிறம் இளஞ்சிவப்புப் பின்னணியும் அடர்சிவப்பு எழுத்தும்தான். திரும்ப வரும் எண்களைக் காட்டச் சொன்னாலும் அதே. இலக்கைத் தாண்டிய நல்ல விற்பனைக்கு யாரோ நிறத்தை மாற்றாமல் விட்டிருக்கலாம். எண்களை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு எல்லைக்கு மேலே உள்ளவை மட்டும் சிவந்திருந்தால் உங்கள் வாக்கியம் தலைகீழ். கேட்டும் பதில் வராவிட்டால், "இந்த ஐந்து எண்கள் இளஞ்சிவப்பில் உள்ளன, காரணம் படத்தில் இல்லை" என்று உள்ளபடி எழுதுங்கள்.

படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் செயலியில் போட்டேன். அட்டவணை கோணல்மாணலாக வருகிறது. (சேலம்)

எழுத்தில்லாமல் நிறம் மட்டும் உள்ள கட்டங்கள் அந்தச் செயலிக்கு வெற்றிடம். அவற்றை விழுங்கிவிட்டு அடுத்த கட்டத்தை இடப்பக்கம் இழுத்துவிடும். அப்போது வியாழக்கிழமையின் செய்தி புதன்கிழமைக்குப் போய்விடும். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கட்டம் என்று எண்ணுங்கள். தலைப்பில் ஆறு இருந்து வரிசையில் நான்கு வந்தால் இரண்டு காணாமல் போனவை என்று பொருள். வெற்று நிறக்கட்டங்களுக்குரிய சொல்லைக் கையால்தான் நிரப்ப வேண்டும்.

மஞ்சளா ஆரஞ்சா என்றே தெரியவில்லை. (பலர்)

இரவு ஒளிவடிப்பானை அணைத்துவிட்டுப் பாருங்கள். பொதுவாக அது உங்கள் கண்ணுக்குத்தான் நிறத்தை மாற்றும், ஸ்கிரீன்ஷாட்டில் பதிவாகாது. அப்படியும் ஐயம் என்றால் நிறமெடுக்கும் கருவியால் கட்டத்தின் நடுவில் தொட்டு, விளக்கப்பட்டையில் உள்ள மஞ்சளையும் அதேபோல் தொட்டு ஒப்பிடுங்கள். விண்டோஸில் PowerToys நிறுவியிருந்தால் Win+Shift+C. ஓரத்தையும் எழுத்தின் அருகையும் தொடாதீர்கள். படம் சுருக்கப்பட்டு வரும்போது அங்கே நிறம் கலங்கியிருக்கும். எண்கள் துல்லியமாகப் பொருந்தாது, எதற்கு நெருக்கம் என்று பார்த்தால் போதும்.

எக்செல் கோப்பே கையில் இருக்கிறது. நிறத்தைச் சொல்லாக மாற்ற எளிய வழி? (கணக்கர், மதுரை)

கோப்பு இருக்கும்போது ஸ்கிரீன்ஷாட் எதற்கு என்பது என் முதல் கேள்வி. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேருங்கள். வடிகட்டியில் Filter by Color கொடுத்து ஒரு நிறத்தை மட்டும் காட்டுங்கள். புதிய நெடுவரிசையில் தெரியும் கட்டங்களைத் தேர்ந்து, Alt+; அழுத்தி, சொல்லைத் தட்டி Ctrl+Enter கொடுங்கள். அடுத்த நிறத்துக்கும் இதையே செய்யுங்கள். நிபந்தனை வடிவமைப்பால் வந்த நிறத்தையும் இந்த வடிகட்டி பிடிக்கும். ஆனால் நீங்கள் தட்டிய சொல் அப்படியே நிற்கும். நாளை எண் மாறி நிறம் மாறினாலும் சொல் மாறாது. நிபந்தனை என்னவென்று தெரிந்தால் வடிகட்டுவதைவிட அதையே சூத்திரமாக எழுதுவது மேல்:

```
=IF(B2<35,"தேறவில்லை","தேர்ச்சி")
```

வெளிர் நீலத்திலிருந்து கருநீலம் வரை படிப்படியாகப் போகும் அட்டவணைக்கு? (சென்னை)

கட்டத்தில் எண் இருந்தால் எண்ணே போதும், நிறம் அலங்காரம். எண் இல்லையென்றால் விளக்கப்பட்டையில் உள்ள பிரிவுகளை மட்டும் எழுதுங்கள். "கொஞ்சம் கருநீலம்" என்று எழுதாதீர்கள்.