கணுக்கால் எக்ஸ்ரே வயிற்றுப் பிள்ளையைத் தொடுமா?

"டாக்டர், எனக்கு ஐந்தரை மாதம். தேவகோட்டையில் மாமியார் வீட்டு முற்றத்துப் படியில் மழை ஈரத்தில் வழுக்கி இடது கணுக்கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரே பிள்ளைக்கு ஆகாது என்று வீட்டு அப்பத்தா சொன்னதால், எடுக்காமலே மாவுக்கட்டு போட்டு அனுப்பிவிட்டார்கள். ஆறு நாளாகியும் வீக்கம் வற்றவில்லை. இப்போது வேறொரு டாக்டர் எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி., ஒருவேளை ஆபரேஷன் என்கிறார். எதற்குச் சம்மதிக்கலாம், எதற்குக் கூடாது?"

எக்ஸ்ரேயை இன்றே எடுத்துவிடுங்கள். அப்பத்தாவின் பயம் பொய்யில்லை, ஆனால் அது வயிற்றையும் இடுப்பையும் படமெடுப்பதற்குச் சேரவேண்டிய பயம்.

எக்ஸ்ரே அறையில் படமெடுக்கும் முன் உங்கள் பாதத்தின் மேல் சதுரமாக ஒரு வெளிச்சம் விழும், நடுவில் கூட்டல் குறி போல ஒரு நிழல் இருக்கும். கதிர் நேராக விழப்போகும் இடம் அந்தச் சதுரம்தான். அங்கிருந்து சிதறி வயிற்றை எட்டுவது, கணுக்கால் எக்ஸ்ரேயில், 0.001 மில்லிகிரேக்கும் குறைவு. மில்லிகிரே என்பது உடல் வாங்கும் கதிரை அளக்கும் அலகு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக வரும் கதிர், எந்த ஸ்கேனும் எடுக்காத தாயின் குழந்தைக்கும், பேறுகாலம் முழுவதற்கும் 0.5 முதல் 1 மில்லிகிரே வரை சேரும். குழந்தைக்குக் குறை வருமோ என்று நாங்கள் யோசிக்கத் தொடங்குவது 50 மில்லிகிரேக்கு மேலேதான். படம் சரியாக விழவில்லை, இன்னொன்று எடுக்கிறோம் என்றாலும் பதற வேண்டாம்.

டெக்னீஷியனிடம் கர்ப்பம் என்று முதலிலேயே சொல்லுங்கள். முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து உட்காராமல், மேஜையில் காலை நீட்டிக்கொள்ளுங்கள். வெளிச்சச் சதுரத்தைக் கணுக்கால் அளவுக்குச் சுருக்கச் சொல்லலாம். ஈய அங்கி கொடுத்தால் மனநிம்மதிக்குப் போட்டுக்கொள்ளுங்கள், அது பெரிதாகத் தடுக்க அங்கே ஒன்றும் வருவதில்லை.

மொத்தம் மூன்று படம்: நேராக, பக்கவாட்டில், பாதத்தைச் சுமார் 15 டிகிரி உள்ளே திருப்பி. மூன்றாவதைத்தான் நான் ஊன்றிப் பார்ப்பேன். கணுக்காலில் இரு பக்க எலும்பும் கவ்விப் பிடித்திருக்க, நடுவே தாலஸ் என்ற எலும்பு உட்கார்ந்திருக்கிறது, கதவு நிலைக்குள் கதவு உட்காருவது மாதிரி. அது 1 மில்லிமீட்டர் வெளியே நகர்ந்தாலே எலும்போடு எலும்பு தொடும் பரப்பு சுமார் 40 சதவீதம் குறைந்துவிடும் என்று 1976-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். தாலஸுக்கும் உள்பக்க எலும்புக்கும் நடுவிலான இடைவெளி 4 மில்லிமீட்டரைத் தாண்டினால் எனக்குச் சந்தேகம் வரும். மேலே கட்டிய மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இரண்டு மூன்று வாரம் போய்விட்டால் எலும்பு கோணலாகவே ஒட்டத் தொடங்கும், பிறகு அதைப் பிரித்துத்தான் சேர்க்க வேண்டும். உங்கள் காலுக்கு இதுதான் நிஜமான ஆபத்து.

எலும்பு பின்பக்கமும் உடைந்திருந்தால் சி.டி. கேட்பார்கள். சி.டி. என்ற பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கணுக்காலை மட்டும் எடுக்கும் சி.டி.யில் வயிற்றுக்கு வருவது அற்பம். அதே இயந்திரத்தில் இடுப்பை எடுத்தால் 10 முதல் 50 மில்லிகிரே வரை போகலாம். விழுந்ததில் இடுப்பும் வலித்தால், அங்கே என்ன படம் என்பதை உங்கள் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வயிற்றில் அடிபட்டிருந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளை அசைவு குறைந்தாலோ காலை விட்டுவிட்டு முதலில் அவரிடம் போங்கள்.

தசைநார் கிழிந்திருக்குமோ என்று எம்.ஆர்.ஐ. சொன்னால் எடுக்கலாம், அதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஆனால் படம் தெளிவாகத் தெரியப் போடும் காடோலினியம் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய், சிறுநீராகப் பனிக்குட நீரில் கலந்து, பிள்ளை அதையே திரும்ப விழுங்கும். கணுக்காலுக்கு அந்த ஊசி பெரும்பாலும் தேவையும் இல்லை.

நான் தள்ளிவைக்கச் சொல்வது எலும்பைப் பார்க்கும் போன் ஸ்கேனைத்தான். கதிர்வீசும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள், அது வெளியேறும் வழியில் மூத்திரப்பையில் தேங்குகிறது. கருப்பைக்கு அடுத்த வீடு அது. காலில் வெளியிலிருந்து விழும் கதிரும் இதுவும் ஒன்றல்ல. பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆபரேஷன் என்றால் சி-ஆர்ம் என்ற இயந்திரத்தில் எலும்பைப் பார்த்துப் பார்த்துத் திருகாணி போடுவார்கள். கதிர் கணுக்காலில்தான் விழும், வயிற்றுப் பக்கம் திருப்ப வேண்டிய அவசியமே இல்லை. மேஜையில் உங்களைச் சற்று இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தும் என்பதற்காக.

ஒன்று மட்டும் வீட்டில் கவனியுங்கள். கர்ப்பத்தில் ரத்தம் எளிதில் உறையும், கட்டுப்போட்ட கால் அசையாமலும் கிடக்கிறது. கெண்டைக்காலோ தொடையோ வலித்து, இறுகி வீங்கினால் அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அது ஒலி அலைதான். ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமர் பரிசோதனையின் அளவு கர்ப்பத்தில் தானாகவே ஏறியிருக்கும், அதை மட்டும் நம்ப முடியாது. திடீரென்று மூச்சு வாங்கினாலோ நெஞ்சு குத்தினாலோ உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போயிருக்கலாம்; ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு சி.டி. என்றால் மறுக்காதீர்கள்.