செட்டர் நின்று படிக்கும் கேப்ஷன்

கேள்வி: பதினோரு பேர் வேலை செய்யும் சின்ன மெஷின் ஷாப் எங்களுடையது. சிஎன்சி லேத்துக்கு நல்ல செட்டர் கிடைக்கவில்லை. எங்கள் டீமின் ஒரு நாளைப் படமெடுத்து, 'நாங்கள் ஒரே குடும்பம்' என்று கேப்ஷன் எழுதிப் போட்டேன். லைக் நிறைய வந்தது, ஆள் வரவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

பதில்: லைக் போட்டவர்களில் பாதிப் பேர் உங்களுக்குத் தெரிந்தவர்களாகத்தான் இருப்பார்கள். செட்டர் கண்ணில் பட்டிருந்தாலும் தாண்டிப் போயிருப்பார். எந்த மெஷின், என்ன கன்ட்ரோல், ஆஃப்செட்டில் கை வைக்க விடுவார்களா, ஷிஃப்ட் சொன்ன நேரத்தில் முடியுமா என்றுதான் அவர் பார்ப்பார். குடும்பம் என்ற சொல்லைப் பார்த்தால், கூடுதல் நேரத்துக்குக் காசு தரமாட்டார்களோ என்றுகூட நினைப்பார்!

நாள் முழுவதையும் கேப்ஷனில் அடக்கப் பார்க்காதீர்கள். அவருடைய வேலை தெரியும் ஒரு அரைமணி நேரம் போதும். செட்டருக்கு அது முதல் பீஸ் பார்க்கும் நேரம். இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலை 8.40. ஃபானுக் கன்ட்ரோல் லேத்தில் புது ஜாப். விட்டம் 25 மி.மீ., கூடக் குறைய 0.01. முதல் பீஸ் மைக்ரோமீட்டரில் 25.02 காட்டுகிறது. எங்கள் செட்டர் ஆஃப்செட்டில் 0.02 குறைத்து ஃபினிஷிங் கட்டை மறுபடி ஓட்டுகிறார். அளவு வந்தது. அவர் சரி என்ற பிறகுதான் ஆபரேட்டர் அடுத்த பீஸை மாட்டுகிறார். இன்னொரு லேத்துக்கு ஒரு செட்டர் வேண்டும். பகல் ஷிஃப்ட், 8 முதல் 4.30."

விட்டம் கூடுதலாக இருந்தால் இன்னொரு கட் எடுத்துச் சரிசெய்யலாம், குறைந்துவிட்டால் பீஸ் ஸ்கிராப். அதனால்தான் முதல் பீஸில் கொஞ்சம் விட்டு வைப்பார்கள். இதை நீங்கள் விளக்கவே வேண்டாம். அந்த 25.02-ஐப் பார்த்ததும் தொழில் தெரிந்தவருக்குப் புரியும். முடிவெடுப்பது செட்டர்தான், மேலே இருப்பவர் அவசரப்படுத்துவதில்லை என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

ஆனால் இந்த எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். உங்கள் செட்டரிடம் கேட்டு, அன்றைக்கு ஓடிய ஜாப்பை எழுதுங்கள். போடுவதற்கு முன் அவருக்கே படித்துக் காட்டுங்கள். அவர் சிரித்தால் எங்கோ தப்பு இருக்கிறது. மாதக் கடைசியில் டிஸ்பாட்சுக்காக இரவு வரை உட்கார வேண்டி வந்தால் அதையும், அதற்குத் தரும் ஓவர்டைமையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மறைத்தால் வந்தவர் முதல் சம்பளத்தோடு கிளம்பிவிடுவார்.

அப்புறம் படம். சுழலும் சக் பக்கத்தில் கையுறை போட்ட கை தெரிந்தால் கேப்ஷன் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, விவரமானவர் அங்கேயே முடிவு கட்டிவிடுவார். பின்னால் வாடிக்கையாளரின் டிராயிங் தெரிகிறதா என்றும் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சம்மதம் கேளுங்கள்.

கடைசி வரியில் தரும் போன் நம்பர் சூப்பர்வைசருடையதாக இருக்கட்டும். கூப்பிடுகிறவர் முதலில் கேட்பது "பார் ஃபீடர் இருக்கா?" என்பதாக இருக்கலாம். அலுவலகத்தில் போனை எடுப்பவருக்கு அது தெரியாது.