அலுவலக நெட்வொர்க்கில் ஒளிந்திருக்கும் கருவியைப் பிடிப்பது எப்படி?

கேள்வி: அலுவலகத்தில் என்மேப் ஓட்டினால் 31 கருவிகள் வருகின்றன. ரவுட்டரின் டிஎச்சிபி பட்டியலிலோ 44. எதை நம்புவது? யாருடையது என்றே தெரியாத கருவியையும், திறந்தபடி மறந்துபோன சர்வீஸையும் எப்படிப் பிடிப்பது?

பதில்: `sudo` இல்லாமல் ஓட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி ஓட்டினால் என்மேப் ஒவ்வொரு முகவரியிலும் 80, 443 போர்ட்டுகளை மட்டும் தட்டிப் பார்க்கும். ஃபயர்வால் பதிலே சொல்லாமல் விட்டுவிட்டால் அந்தக் கருவி கணக்கில் வராது. `sudo` சேர்த்தால் அதே நெட்வொர்க்குக்குள் ஏஆர்பி மூலம் கேட்கும். ஐபி முகவரி வைத்துப் பேசும் கருவி ஏஆர்பிக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

```
sudo nmap -sn -oX base.xml 192.168.10.0/24
```

அப்போதும் 44 வராமல் போகலாம். கிளம்பிப் போனவர்களின் போன்கள் டிஎச்சிபி பட்டியலில் இன்னும் சில மணி நேரம் கிடக்கும். தவிர, ஏஆர்பி ரவுட்டரைத் தாண்டாது. தனித்தனி விலேன் இருந்தால் ஒவ்வொன்றுக்குள்ளும் போய் ஓட்டவேண்டும். மேலிடத்தில் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போது மேக் முகவரியும் அதன் பக்கத்தில் தயாரிப்பாளர் பெயரும் தெரியும். `Unknown` என்றிருந்தால் பதறவேண்டாம். முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றென்றால் பெரும்பாலும் முகவரியை மாற்றிக்கொள்ளும் போன்தான்.

எனக்கு அதிகம் சந்தேகம் தருவது `VMware` போன்ற பெயர். ஒருமுறை `00:0C:29` என்று தொடங்கும் ஒரு முகவரி வந்தது. மேசை மேசையாகத் தேடினாலும் அப்படியொரு பெட்டி கிடைக்காது. அது யாருடைய கணினிக்குள்ளோ ஓடும் மெய்நிகர் கணினி. ஸ்விட்சின் மேக் அட்டவணையில் எந்தப் போர்ட்டில் அது தெரிகிறது என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போய் மேசையைக் கண்டுபிடித்தோம். வழக்கமான ஸ்கேனில் 22 மட்டுமே திறந்திருந்தது. என்மேப் தானாகப் பார்ப்பது பரவலான 1000 போர்ட்டுகளைத்தான். எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னோம்:

```
sudo nmap -p- -sV 192.168.10.83
```

6379-ல் ரெடிஸ், கடவுச்சொல் இல்லாமல். சோதனைக்காகப் போட்டு, வேலை முடிந்ததும் மறந்திருக்கிறார்கள். அந்த 1000-க்குள் 6379 இல்லை. அதனால்தான் முதலில் தப்பியது. அந்தக் கணினியில் `sudo ss -ltnp` கொடுத்தால் எந்த புரோகிராம் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது என்று தெரியும். தேவையில்லை என்றால் நிறுத்துங்கள். தேவை என்றால் `127.0.0.1`-க்குள் அடக்குங்கள்.

`-sV` ஓட்டும்போது `--allports` மட்டும் சேர்க்காதீர்கள். 9100 போர்ட்டுக்கு வருவதையெல்லாம் பிரிண்டர் அச்சடித்துத் தள்ளும் என்பதால் என்மேப் அதைத் தானே தவிர்க்கிறது. அந்தத் தடையை நீக்கினால் காகிதக் கட்டு காலி!

அடுத்த வாரம் அதே `-sn` ஸ்கேனை `new.xml` என்று சேமித்து ஒப்பிடுங்கள். `+` குறியோடு வரும் முகவரி புதிதாக நுழைந்த கருவி.

```
ndiff base.xml new.xml
```