நனைந்த சரக்கின் மதிப்பு: விசாரிக்க வந்தவருக்கு என்ன பதில்?

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் சுங்குடிப் புடவைக் கடை வைத்திருக்கிறேன். மழையில் குடோனுக்குள் தண்ணீர் ஏறி அடியில் இருந்த கட்டுகள் எல்லாம் நாசம். இன்சூரன்ஸ் கிளைமில் 9 லட்சம் போட்டேன். கம்பெனி அனுப்பிய இன்வெஸ்டிகேட்டர், "இவ்வளவு சரக்கு இருந்ததுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்கிறார். திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். என்ன சொல்வது சார்?

பதில்: வாயால் ஒன்றும் சொல்லாதீர்கள். "எழுதிக் கேளுங்கள், கணக்கோடு எழுதித் தருகிறேன்" என்றால் போதும். கோபத்தில் சொல்கிற ஒரு தொகையும் தாளில் எழுதிய இன்னொரு தொகையும் இடித்தால், அந்த இடிப்புதான் அறிக்கையில் ஏறும்.

முதலில் 9 லட்சம் எப்படி வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் புடவையில் ஒட்டிய விலைச்சீட்டைக் கூட்டியிருப்பீர்கள். சரக்குக்கு பாலிசி தருவது விற்பனை விலை அல்ல, உங்களுக்கு அடக்கமான விலை. எனவே சரக்குக் கணக்கைப் பின்னாலிருந்து கட்டுங்கள். உதாரணமாக, ஏப்ரல் 1-ல் கையிருப்பு 18 லட்சம், தண்ணீர் புகுந்த நாள் வரை கொள்முதல் 22.2 லட்சம், விற்பனை 30 லட்சம் என்று வைப்போம். போன வருடக் கணக்கில் மொத்த லாபம் விற்பனையில் 20 சதவீதம் என்றால், விற்றுப்போன சரக்கின் அடக்கம் 24 லட்சம். 18-ஐயும் 22.2-ஐயும் கூட்டி 24-ஐக் கழித்தால், அன்று கடையிலும் குடோனிலும் இருந்தது 16.2 லட்சம். நனையாத சரக்கை எண்ணிப் பார்த்ததில் 9 லட்சம் அடக்கத்துக்கு இருந்தால், நனைந்தது 7.2 லட்சம். விலைச்சீட்டுப்படியான 9 லட்சத்தில் 20 சதவீதத்தைக் கழித்தாலும் அதே 7.2 வருகிறது. இரண்டு வழியிலும் ஒரே எண் வந்தால் விசாரிப்பவருக்குக் கேட்க அதிகம் இருக்காது.

விற்பனை விலையைப் பிடித்துக்கொண்டு நின்றால் நஷ்டம் உங்களுக்குத்தான். காப்பீட்டுத் தொகை 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 16.2 லட்சம் என்றால் காப்பீடு சரக்கின் மதிப்பைவிடச் சுமார் 7 சதவீதம் குறைவு, இதுதான் குறைக் காப்பீடு. சிறு கடைகளுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறையிருந்தால் கண்டுகொள்வதில்லை. ஆனால் விலைச்சீட்டுப்படி மொத்தச் சரக்கு 20.25 லட்சம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், குறை 26 சதவீதமாகிவிடும். அப்போது 15-க்கு 20.25 என்ற விகிதத்தில் வெட்டுவார்கள். 9 லட்சம் கேட்டவருக்குக் கணக்குப்படி 6.67 லட்சம்தான் நிற்கும். 7.2 கேட்டிருந்தால் அந்த வெட்டே இல்லை. உங்கள் பாலிசி எந்த வகை என்று முதல் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வகையில் இந்தச் சலுகை இல்லாமல் போகலாம்.

அவர் அடுத்து கேட்கப்போவது வங்கிக்குக் கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மென்ட். கேஷ் கிரெடிட் வரம்புக்காக அதில் கூட்டிக் காட்டுகிற பழக்கம் நம் பஜாரில் உண்டு. அப்படிச் செய்திருந்தால் அதை இப்போது திருத்தவோ, பழைய தேதியில் பில் வாங்கவோ போகாதீர்கள். சப்ளையர் ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் காட்டிய பில் உங்கள் GSTR-2B கொள்முதல் பட்டியலில் தெரியும். அங்கே இல்லாத பில் ஒன்று வந்து அது போலி என்று தெரிந்தால், பாலிசியின் மோசடி நிபந்தனைப்படி கிளைம் முழுவதும் போகலாம்.

பதில் கடிதம் இந்த அளவில் இருந்தால் போதும்:

"என் கிளைம் படிவத்தில் விற்பனை விலையில் 9 லட்சம் குறிப்பிட்டிருந்தேன். அடக்க விலைப்படி அது 7.2 லட்சம் எனத் திருத்திக்கொள்கிறேன். ஏப்ரல் முதல் கொள்முதல் பில்கள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன், போன வருட வரவு செலவுக் கணக்கு, நனையாத சரக்கின் எண்ணிக்கைப் பட்டியல் இணைத்துள்ளேன். நனைந்த சரக்கு பார்வைக்கு அப்படியே உள்ளது."

தானாகத் திருத்துவது பலவீனமல்ல. அவர் கண்டுபிடித்தபின் ஒப்புக்கொள்வதுதான் சந்தேகத்தைக் கிளப்பும்.

கடைசி வாக்கியம் உண்மையாகவும் இருக்கவேண்டும். சாயம் இறங்கிய புடவையைக் குப்பைக்கோ பழைய துணிக்காரருக்கோ தள்ளாதீர்கள். கட்டு கட்டாகப் பிரித்து, பார்டரும் லேபிளும் தெரியப் படம் எடுங்கள். காய்ந்தபின் விற்கக்கூடிய மிச்ச மதிப்பை அவர்கள் கழிப்பார்கள். அதை எத்தனை ரூபாய் என்று எழுத்தில் கேளுங்கள், கூடுதலாகத் தெரிந்தால் பஜார் வியாபாரி ஒருவரின் கொட்டேஷனைக் காட்டுங்கள்.

அவர் வாக்குமூலம் எழுதினால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் வேண்டாம், நகல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் தொகையை வெட்டினால், சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தனி உரிமையாளர் கடைக்கும் அங்கே இடம் உண்டு, கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.