கூட்டு உருவத்தின் பரப்பளவில் எந்தத் துண்டு தவறாக எண்ணப்பட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: 60 மீ நீளம், 40 மீ அகலம் உள்ள செவ்வகத் தோட்டம். நீளவாக்கில் ஒன்று, அகலவாக்கில் ஒன்று என்று 7 மீ அகலத்தில் இரண்டு நடைபாதைகள் நடுவில் குறுக்கிடுகின்றன. குறுக்கிடும் இடத்தின் மையத்தில் 7 மீ விட்டமுள்ள வட்டக் குளம். குளம் போக, பாதைகளின் பரப்பளவு என்ன? எனக்கு (420 − 38.5) + (280 − 38.5) − 49 = 574 ச.மீ. வருகிறது. விடைப் பகுதியில் 612.5 என்று இருக்கிறது. எங்கே தப்பு? இதை நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

முதலில் இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 612.5 − 574 = 38.5. இந்த எண் உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. குளத்தின் பரப்பளவு அதுதான். அதாவது பெருக்கலிலோ π-யைப் போட்டதிலோ உங்களுக்குப் பிழை இல்லை. குளத்தை ஒரு தடவை கூடுதலாகக் கழித்துவிட்டீர்கள், அவ்வளவுதான்.

"நான் இரண்டு தடவைதானே கழித்தேன், ஒவ்வொரு பாதையிலும் ஓட்டை இருக்கிறதே" என்று தோன்றும். மூன்றாவது தடவை எங்கே கழித்தீர்கள் என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. அது அந்த 49-க்குள் இருக்கிறது. 7 × 7 சதுரத்தை முழுதாகக் கழித்தபோது, அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் குளமும் அதோடு சேர்ந்து போய்விட்டது. ஆனால் குளத்தை ஏற்கெனவே வெட்டி எடுத்த இரண்டு பாதைகளைத்தானே நீங்கள் கூட்டினீர்கள்? அவை ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதி 49 அல்ல. 49 − 38.5 = 10.5 மட்டுமே. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் வட்டத்துக்கு வெளியே மிஞ்சுகிற சின்னத் துண்டுகள் அவை. ஆகவே 381.5 + 241.5 − 10.5 = 612.5. உங்கள் வழியிலேயே போய் விடைப் பகுதியின் எண்ணுக்கு வந்துவிட்டோம்.

சரி, விடைப் பகுதி கையில் இல்லாத நேரத்தில் என்ன செய்வது? நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது திரும்பத் திரும்ப வலியுறுத்துவது ஒரே ஒரு சோதனையைத்தான். படத்தில் இருக்கும் ஒவ்வொரு துண்டிலும் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு உங்கள் சூத்திரத்தை இடமிருந்து வலமாக வாசித்து, அந்தப் புள்ளி எத்தனை தடவை கூட்டப்பட்டது, எத்தனை தடவை கழிக்கப்பட்டது என்று எண்ணுங்கள். நமக்கு வேண்டிய துண்டு என்றால் மொத்தம் 1 வர வேண்டும், வேண்டாத துண்டு என்றால் 0 வர வேண்டும். வேறு எந்த எண் வந்தாலும் தப்பு அந்தத் துண்டில்தான்.

உங்கள் படத்தில் கோடுகளால் பிரியும் துண்டுகள் நான்கு வகை: பாதைகளின் கைகள் (சதுரத்துக்கு வெளியே நீளும் பகுதிகள்), சதுரத்தின் மூலைத் துண்டுகள், குளம், புல்தரை. கையில் ஒரு புள்ளி வைத்தால் அது ஒரு பாதைக்குள் மட்டுமே விழும்; கூட்டப்பட்டது ஒரு தடவை, கழிக்கப்படவே இல்லை. மொத்தம் 1, சரி. மூலைத் துண்டில் வைத்த புள்ளி இரண்டு பாதைகளிலும் இருக்கிறது, ஆகவே +1, +1. பிறகு 49-ஐக் கழிக்கும்போது −1. மொத்தம் 1, இதுவும் சரி. புல்தரை எதிலும் வராது, 0. இப்போது குளத்துக்குள் ஒரு புள்ளி. முதல் பாதையில் +1, அதன் ஓட்டையில் −1. இரண்டாவது பாதையில் +1, ஓட்டையில் −1. கடைசியாக 49-இல் இன்னொரு −1. மொத்தம் −1. 0 வர வேண்டிய இடத்தில் −1 வந்ததால் விடை குளத்தின் பரப்பளவு அளவுக்கு, அதாவது 38.5, குறைந்துவிட்டது. விடைப் பகுதியைப் பார்க்காமலேயே இதைச் சொல்லியிருக்க முடியும் என்பதுதான் இந்தச் சோதனையின் பலம்.

இதே கணக்கில் மாணவர்களுக்கு வரும் வேறு இரண்டு விடைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். ஒருவர் 420 + 280 − 38.5 = 661.5 என்று எழுதுவார். அவருடைய சூத்திரத்தில் மூலைத் துண்டு 2 தடவை வருகிறது, குளம் 1 + 1 − 1 = 1 தடவை வருகிறது. மூலைகளில் ஒன்று கூடுதல், குளத்திலும் ஒன்று கூடுதல், 10.5 + 38.5 = 49 அதிகம். இன்னொருவர் 381.5 + 241.5 = 623 என்று நிறுத்திக்கொள்வார். அவருக்குக் குளம் 0, சரிதான். மூலைகள் மட்டும் 2. அதனால் 10.5 அதிகம். மூன்று விடைகளும் தப்புதான், ஆனால் மூன்றும் வேறு வேறு தப்பு. "ஓவர்லாப்பை மறந்துட்டே" என்று பொதுவாகச் சொன்னால் உங்களுக்கு அது பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் நீங்கள் அதை மறக்கவில்லை. எதைக் கழிக்க வேண்டுமோ அதைவிடப் பெரியதைக் கழித்தீர்கள்.

ஓட்டையைக் கழிப்பதற்குப் பதிலாகத் தவறிப்போய்க் கூட்டியிருந்தால் வித்தியாசம் ஓட்டையின் பரப்பளவைப் போல இரண்டு மடங்கு வரும், இங்கே 77. வித்தியாசத்தை வைத்து ஆராயும்போது அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வித்தியாசத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். படத்தில் இரண்டு துண்டுகளின் பரப்பளவு ஒன்றாகவே இருந்தால் எது காரணம் என்று அது சொல்லாது. கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிட்டால் தப்பான சூத்திரத்திலிருந்தும் சரியான எண் வந்துவிடும். புள்ளி வைத்து எண்ணுவது இந்த இரண்டு இடத்திலும் கைவிடாது.

இன்னொரு சரிபார்ப்பு, எதையும் இரண்டு தடவை எண்ண வாய்ப்பே இல்லாதபடி உருவத்தை வேறு விதமாக வெட்டிப் பார்ப்பது. நீளப் பாதையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள்: 420. அகலப் பாதையில் ஏற்கெனவே எடுத்த 7 மீட்டரை விட்டுவிட்டால் மிச்சம் 33 மீ, அதன் பரப்பளவு 33 × 7 = 231. இரண்டும் சேர்ந்து 651. அதில் குளத்தை ஒரே ஒரு தடவை கழித்தால் 612.5. அல்லது புல்தரையிலிருந்து வரலாம். நான்கு புல்தரைத் துண்டுகளையும் நடுவில் இடைவெளி இல்லாமல் நகர்த்தி ஒட்டவைத்தால் 53 × 33 அளவுள்ள ஒரே செவ்வகம் கிடைக்கும்: 1749. தோட்டம் 2400; 2400 − 1749 = 651. அதே எண். பாதைகள் சரியாக நடுவில் போகவேண்டும் என்றுகூட இல்லை, பக்கங்களுக்கு இணையாக ஓரம் முதல் ஓரம் வரை போனால் போதும். பாதை பாதியில் நின்றாலோ, சாய்வாகப் போனாலோ இந்த நகர்த்தும் வழி செல்லாது.

உங்கள் வழியில் எனக்கு இருக்கும் உண்மையான கவலை வேறு. ஒவ்வொரு பாதையிலும் தனித்தனியாக ஓட்டையை வெட்டுவது, குளம் சதுரத்துக்குள் அடங்கும்வரைதான் சரியாக வரும். குளத்தின் விட்டத்தை 9 மீட்டராக மாற்றிப் பாருங்கள். இப்போது வட்டம் சதுரத்தின் பக்கங்களைத் தாண்டிக் கைகளுக்குள் கொஞ்சம் நுழைகிறது. அந்த நுழைந்த துண்டில், நீளப் பாதையின் கையில், ஒரு புள்ளி வையுங்கள். நீளப் பாதையில் +1, ஓட்டையில் −1. அகலப் பாதையில் அந்தப் புள்ளி இல்லவே இல்லை, ஆனாலும் "அகலப் பாதை − வட்டம்" என்று எழுதும்போது −1 விழுகிறது. இல்லாத இடத்தில் ஓட்டை போட்டதாகிவிட்டது.

அதனால் முதலில் பாதைகளை ஒரே உருவமாகச் சேர்த்து முடியுங்கள்: 420 + 280 − 49. அப்புறம் அந்த ஒரே உருவத்திலிருந்து குளத்தை ஒரு தடவை கழியுங்கள். இந்த வரிசையில் செய்தால் 9 மீ விட்டத்துக்கும் கணக்கு சரியாக வரும். எதுவரை வரும் என்பதையும் சொல்லிவிடலாம். சதுரத்தின் மூலைவிட்டம் 7√2, ஏறக்குறைய 9.9 மீ. விட்டம் அதுவரை இருந்தால் வட்டம் முழுக்கப் பாதைகளுக்குள்ளேயே இருக்கும். அதைத் தாண்டினால் சதுரத்தின் மூலைகளுக்கு அப்பால் புல்தரைக்குள் எட்டிப்பார்க்கும். 14 மீ விட்டம் என்று கொடுத்திருந்தால் 22/7 வைத்து 154 என்று அழகாக வருகிறதே என்று அதை அப்படியே கழிக்கத் தோன்றும். கழித்தால் புல்தரைக்குள் நீளும் வட்டத் துண்டில் ஒரு புள்ளிக்கு −1 வரும், ஏனென்றால் அந்த இடத்தை நாம் கூட்டவே இல்லை. பாதையின்மேல் விழும் வட்டப் பகுதியை மட்டும் தனியாகக் கண்டுபிடித்துத்தான் கழிக்க வேண்டும். அது இன்னும் கொஞ்சம் கடினமான கணக்கு.

மூன்று பாதைகள் ஒரே இடத்தில் குறுக்கிட்டாலும் இதே எண்ணிக்கைதான் வழிகாட்டும். மூன்றையும் கூட்டினால் நடுவில் 3. இரண்டிரண்டாக மேற்படியும் மூன்று பகுதிகளையும் கழித்தால் நடுத் துண்டு 0 ஆகிவிடும். அதை ஒரு தடவை திரும்பக் கூட்டினால்தான் 1 ஆகும். கணங்கள் பாடத்தில் மூன்று கணங்களின் சேர்ப்புக்கு வருகிற சூத்திரம் இதேதான்.

கடைசியாக, ஒரே எண்ணை வெளி எல்லையோடு ஒப்பிடும் பழக்கமும் வேண்டும். 14 செ.மீ. பக்கமுள்ள சதுரத்துக்குள் நான்கு பக்கங்களையும் விட்டமாகக் கொண்டு நான்கு அரைவட்டங்கள் வரைந்தால் நடுவில் நான்கு இதழ் கொண்ட பூ வரும். ஒரு அரைவட்டம் 77, நான்கும் 308. சதுரமே 196-தான், அதற்குள் இருக்கும் அரைவட்டங்கள் 308 எப்படி ஆகும்? புள்ளி வைத்துப் பாருங்கள்: இதழில் வைத்த புள்ளி இரண்டு அரைவட்டங்களில் இருக்கிறது, இதழுக்கு வெளியே வைத்த புள்ளி ஒன்றில் இருக்கிறது, எதிலுமே இல்லாத இடம் சதுரத்தில் கிடையாது. ஆகவே சதுரத்தைவிடக் கூடுதலாக வந்த 308 − 196 = 112 ச.செ.மீ.தான் நான்கு இதழ்களின் பரப்பளவு. இதழ்கள் போக மிச்சத்தைக் கேட்டால் 84.