ஜப்பானிய முகவரிப் படிவம்: கானா பெயர், அஞ்சல் குறியீடு, கட்டடப் பெயர் – கேள்வி பதில்

நாகோயாவில் படிக்கும் மாணவி: பெயருக்கு இரண்டு வரிசைகள் இருக்கின்றன. முதல் வரிசையில் கடவுச்சீட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்தில் எழுதினேன், ஏற்றுக்கொண்டது. இரண்டாவதில் அதையே எழுதினால் சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது. என் பெயர் கவிதா.

அந்தச் சிவப்பு வரி பெரும்பாலும் 全角カタカナで入力してください என்பதாக இருக்கும். முழு அகலக் கத்தகானாவில் எழுதுங்கள் என்பது அதன் பொருள். இரண்டாவது வரிசை உங்கள் பெயரின் ஒலியைக் கேட்கிறது. எந்த எழுத்தில் எழுத வேண்டும் என்பதைக் கட்டத்தின் தலைப்பே காட்டிவிடும். フリガナ என்றோ セイ, メイ என்றோ இருந்தால் கத்தகானா. ふりがな என்று வளைந்த எழுத்தில் இருந்தால் ஹிரகானா. இடப்பக்கக் கட்டம் குடும்பப் பெயருக்கு உரியது, வலப்பக்கக் கட்டம் உங்கள் பெயருக்கு உரியது.

விண்டோஸ் கணினியில் ஜப்பானிய உள்ளீட்டை இயக்கி, வகரத்துக்குப் பதில் பகரத்தை வைத்து kabita என்று தட்டினால் முதலில் かびた என்று ஹிரகானாவில் வரும். என்டர் விசையை அழுத்துவதற்கு முன் F7 விசையை அழுத்தினால் அது カビタ என்று மாறும். அதற்கு அடுத்த F8 விசையை அழுத்திவிட்டால் ｶﾋﾞﾀ என்று குறுகிய எழுத்துகள் வரும். படிவம் மறுப்பதற்கு இதுவும் ஓர் அடிக்கடி நிகழும் காரணம். உற்றுப் பாருங்கள்: பி என்ற ஒலிக்குரிய இரு சிறு கோடுகள் முழு அகலத்தில் எழுத்தோடு ஒட்டியிருக்கின்றன, அரை அகலத்தில் தனியொரு எழுத்தாகப் பிரிந்து நிற்கின்றன. ஆகவே மூன்று எழுத்துப் பெயர் நான்கு எழுத்தாகிவிடுகிறது. ன் என்று முடியும் பெயர்களுக்கு n விசையை இரு முறை தட்ட வேண்டும். murugann என்று தட்டினால்தான் ムルガン கிடைக்கும்.

ஒசாகாவில் பணிபுரியும் பொறியாளர்: இதற்கு இவ்வளவு கவலை தேவையில்லை. ஒலிக்காகத்தான் கேட்கிறார்கள். என் பெயர் வேலன். ベラン என்றும் எழுதியிருக்கிறேன், ヴェーラン என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாப் பொருளும் வந்து சேர்ந்தன.

பொருள் வாங்கும் வரையில் நீங்கள் சொல்வது சரி. அஞ்சல்காரர் முகவரியையும் அஞ்சல்பெட்டியில் உள்ள பெயரையும்தான் பார்க்கிறார். நெடிலா குறிலா என்று ஆராய்வதில்லை. ஆனால் பணம் திரும்பி வர வேண்டிய இடத்திலும், வங்கிக் கணக்கை இணைக்கும் இடத்திலும் இந்தச் சுதந்திரம் இல்லை. 口座名義 என்ற தலைப்புள்ள கட்டம் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்கிறது. அங்கே வங்கி பதிந்துவைத்திருக்கும் கானா வடிவத்தோடு பொருந்தாவிட்டால் பணம் போய்ச் சேராது. அந்த வடிவத்தைப் பாஸ்புக்கிலோ வங்கிச் செயலியிலோ பார்த்து, பெயர்களின் வரிசையும் இடைவெளியும் உட்பட அப்படியே எழுதுங்கள். வங்கிப் பரிமாற்றத்தில் ェ போன்ற சிறு எழுத்துகள் பெரிய எழுத்துகளாகவே செல்லும் என்பதால், ヴェーラン என்று கணக்கு தொடங்கியவர் தம் பெயர் சற்று வேறாக அச்சாகியிருப்பதைக் காணக்கூடும். அது பிழையன்று.

நம் ல, ள, ழ, ர அனைத்தையும் ஜப்பானிய ர வரிசைதான் தாங்க வேண்டும் என்பதால் தமிழ்ப் பெயருக்குச் சரியான ஒரே வடிவம் என்று எதுவும் கிடையாது. வகரத்துக்கு ヴ வேண்டுமா, பகர வரிசையே போதுமா என்பதில் இங்கே வசிப்பவர்களிடையேயும் ஒருமித்த கருத்து இல்லை. ヴ எழுத்தை ஏற்காத படிவங்களும் இருப்பதால் நான் பகர வரிசையையே பரிந்துரைக்கிறேன். எதைத் தேர்ந்தாலும் வங்கியில் முதலில் கொடுத்ததையே எல்லா இடத்திலும் கொடுங்கள்.

ஃபுகுவோகாவிலிருந்து ஒருவர்: என் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கிறது. தலைப்பெழுத்து மட்டும்தான் உண்டு. இரு கட்டங்களுமே 必須 என்று நிற்கின்றன.

必須 என்றால் நிரப்பியே ஆக வேண்டும். 任意 என்றால் விருப்பம். புள்ளியோடு கூடிய தலைப்பெழுத்தைக் கானா கட்டம் ஏற்காது. எஸ் என்பதற்கு エス என்று ஒலியை எழுதலாம் என்றாலும், தந்தையின் பெயரை முழுமையாக எழுதுவதே நல்லது. பொருளைக் கொண்டு வருபவருக்கு அது ஒரு பெயராகவாவது தெரியும். கடையில் பொருள் வாங்குவதற்கு இது போதுமானது.

அடையாள அட்டையைச் சரிபார்க்கும் சேவைகளில், குறிப்பாகக் கைப்பேசி இணைப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றில், வசிப்பு அட்டையில் இல்லாத பெயரைச் சேர்த்தால் விண்ணப்பம் திரும்பக்கூடும். ஒரே பெயரை இரு கட்டத்திலும் எழுதச் சொல்லும் நிறுவனங்களும் உண்டு, பெயரை இரண்டாகப் பிரித்து எழுதச் சொல்பவையும் உண்டு. இதற்குப் பொது விதி இல்லாததால் அந்தந்த நிறுவனத்திடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

தோக்கியோவுக்குப் புதிதாக வந்தவர்: அஞ்சல் குறியீட்டை இட்டதும் முகவரி தானாகவே நிரம்பிவிட்டது. பிறகு வீட்டு எண்ணை மட்டும் எழுதினால் போதும் அல்லவா? நண்பர் வரைபடத்திலிருந்து ஆங்கிலத்தில் முகவரியை அனுப்பியிருக்கிறார்.

ஏறத்தாழ அப்படித்தான். 1998 முதல் ஜப்பானில் அஞ்சல் குறியீடு 7 இலக்கங்களைக் கொண்டது. முன்னால் 3, பின்னால் 4. அது பெரும்பாலும் ஒரு பேட்டை வரைக்கும் உங்களைக் கொண்டுசெல்லும், அதற்கு மேல் செல்லாது. மீதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஆங்கில முகவரியை அப்படியே ஒட்டாதீர்கள், ஏனெனில் அதன் வரிசை தலைகீழானது. ஆங்கிலத்தில் அறை எண்ணில் தொடங்கி மாநகரில் முடிப்பார்கள். ஜப்பானிய மொழியில் மாநிலத்தில் தொடங்கி அறை எண்ணில் முடிப்பார்கள். நண்பர் அனுப்பியது இப்படி இருக்கிறது என்று கொள்வோம்; வீட்டு எண்ணும் கட்டடப் பெயரும் நான் கற்பனையாக இட்டவை.

```
203 Sakura Heights, 9-99-9 Nishishinjuku,
Shinjuku-ku, Tokyo 160-0023
```

இதைப் படிவத்தில் பிரித்து இட்டால் இவ்வாறு வரும். மேலிருந்து கீழாக அஞ்சல் குறியீடு, மாநிலம், நகரம் அல்லது வட்டம், பேட்டையும் எண்ணும், கடைசியாகக் கட்டடப் பெயரும் அறை எண்ணும்.

```
郵便番号         160-0023
都道府県         東京都
市区町村         新宿区
町名・番地       西新宿9-99-9
建物名・部屋番号 さくらハイツ203号室
```

160-0023 என்று எழுதி, முகவரியைத் தானாக நிரப்பும் 住所検索 அல்லது 自動入力 பொத்தானை அழுத்தியதும் 東京都, 新宿区, 西新宿 ஆகிய மூன்றும் வந்துவிடும். அதன் பின்னால் 9-99-9 என்பதைச் சேர்ப்பது உங்கள் வேலை. இதில் முதல் எண் பேட்டையின் பிரிவு, நடு எண் அப்பிரிவிலுள்ள கட்டடத் தொகுதி, கடைசி எண் தொகுதிக்குள் வீடு. ஒரே எச்சரிக்கை என்னவென்றால், எண்களை எழுதிய பிறகு அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். சில தளங்களில் அது நீங்கள் எழுதியதை அழித்துவிட்டுப் பேட்டையின் பெயரை மட்டும் திரும்ப நிரப்பும், அதைக் கவனிக்காமலே அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம்.

பெரிய அலுவலகங்களுக்குத் தனிக் குறியீடு உண்டு. அதே 西新宿 பகுதியிலுள்ள தோக்கியோ மாநகர அரசுக்கு 163-8001 என்ற குறியீடு தனியாக இருக்கிறது. அங்குள்ள வானளாவிய கட்டடங்கள் சிலவற்றில் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு குறியீடு உண்டு. அலுவலக முகவரியை நிரப்பும்போது பேட்டைக் குறியீட்டோடு பொருந்தவில்லையே என்று மாற்றிவிடாதீர்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: எங்கள் குறியீட்டில் 6 இலக்கங்கள்தான் இருக்கின்றன. படிவம் 7 கேட்கிறது. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்துவிடலாமா?

சேர்க்காதீர்கள். 7 இலக்கம் மட்டுமே ஏற்கும் கட்டம் ஜப்பானுக்குள் இருக்கும் முகவரிக்கானது. பூஜ்யம் சேர்த்தால் அது இல்லாத குறியீடாகவோ ஜப்பானில் வேறோர் ஊராகவோ ஆகிவிடும். வெளிநாட்டுக்கு அனுப்பும் கடையென்றால் நாட்டைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல் தனியாக இருக்கும்.

அப்படி ஒரு பட்டியல் இல்லையென்றால், ஜப்பானில் பொருளைப் பெற்று வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் இடைநிலை நிறுவனத்தின் கிடங்கு முகவரியைக் கொடுப்பதே வழக்கம். அந்நிறுவனங்கள் உங்களுக்கென ஓர் உறுப்பினர் எண்ணைத் தரும். அதைப் பெரும்பாலும் கட்டட வரியில்தான் எழுதச் சொல்வார்கள். கிடங்கின் தெருவும் எண்ணும் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒன்றே என்பதால், அந்த எண் விடுபட்டால் பொட்டலம் கிடங்கை அடைந்தும் யாருடையது என்று தெரியாமல் நின்றுவிடும்.

யோக்கோஹாமாவில் நண்பர் வீட்டில் தங்கியிருப்பவர்: கட்டட வரியில் 任意 என்று இருந்ததால் விட்டுவிட்டேன். தெருவும் எண்ணும் சரியாகவே எழுதினேன். ஆனால் கடிதம் あて所に尋ねあたりません என்ற முத்திரையோடு அனுப்பியவருக்கே திரும்பிவிட்டது.

அந்த வரி தனி வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டுமே விருப்பத்திற்குரியது. அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு முகவரியின் இன்றியமையாத பகுதியே அதுதான். முத்திரை சொல்வது, இந்த முகவரியில் இந்தப் பெயருடையவரைக் கண்டறிய முடியவில்லை என்பது. நுழைவாயிலில் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் எதில் போடுவது என்று தெரியாதபோது அஞ்சல்காரருக்கு வேறு வழியில்லை.

உங்கள் நிலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெட்டியில் நண்பர் பெயர் இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. அறை எண்ணுக்குப் பின் நண்பரின் குடும்பப் பெயரையும் அதையடுத்து 様方 என்பதையும் எழுதினால், அவர் வீட்டில் தங்கியிருப்பவர் என்பது விளங்கும்.

```
さくらハイツ203号室 田中様方
```

நீண்ட நாள் தங்குவதாக இருந்தால் நண்பரிடம் சொல்லி உங்கள் பெயரையும் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். கட்டட வரியில் எழுத்து வரம்பு இருந்து இடம் போதாவிட்டால் கட்டடத்தின் பெயரைச் சுருக்கலாம், அறை எண்ணைச் சுருக்கவே கூடாது. 9-99-9-203 என்று எண்களோடு ஒட்டி எழுதுவதும் இங்கே வழக்கத்தில் இருக்கிறது.

மீண்டும் நாகோயா மாணவி: பெயர் சரியாகிவிட்டது, நன்றி. இப்போது வீட்டு எண்ணை மறுக்கிறது. எண்கள் சரியாகத்தான் இருக்கின்றன.

எண்களுக்கு இடையில் இருக்கும் கோட்டைப் பாருங்கள். ஜப்பானிய உள்ளீடு இயங்கும்போது அந்த விசையைத் தட்டினால் ー என்ற நெடில் குறிதான் பெரும்பாலும் வரும். அது கத்தகானாவில் ஒலியை நீட்டுவதற்கானது, இணைப்புக்கோடு அன்று. கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோல் தெரிவதால் பலர் எண்களையே திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறார்கள். அரை அகலம் எனப் பொருள்படும் 半角 என்று கேட்டிருந்தால் ஜப்பானிய உள்ளீட்டை அணைத்துவிட்டு எண்களையும் கோட்டையும் சேர்த்துத் தட்டுங்கள். 全角 என்று கேட்டிருந்தால் உள்ளீட்டை இயக்கிவைத்துத் தட்டி F9 விசையை அழுத்துங்கள். அப்போதும் மறுத்தால் கோடுகளுக்குப் பதிலாக 9丁目99番9号 என்று எழுதிப் பாருங்கள். அது முறையான வடிவமே, அதில் குழப்பத்துக்குரிய கோடு எதுவும் இல்லை.